பிஓகியூ, ஆர்.ஏ. பில், ரிடென்ஷன்: கட்டுமான நிறுவனக் கணக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுமான நிறுவனங்களில் புதிதாகக் கணக்கு எழுத வருபவர்களும், சைட்டிலிருந்து பில்லிங்குக்கு மாறும் இன்ஜினியர்களும், சில சமயம் மேஸ்திரிகளும் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாப் பதிலுக்கும் ஒரே வேலையை உதாரணமாக எடுத்திருக்கிறேன். கோவையில் ஒரு தனியார் கல்லூரிக்கு நம் நிறுவனம் விடுதி கட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சு வேலையை ஒரு மேஸ்திரிக்குக் கூலி ஒப்பந்தமாகக் கொடுத்திருக்கிறோம். சிமென்டும் மணலும் நம்முடையவை. மேஸ்திரி தனிநபர், பான் உண்டு, ஜிஎஸ்டி பதிவும் உண்டு. ரேட்டும் அளவும் விளக்கத்துக்காக வைத்தவை. சட்ட விகிதங்கள் உண்மையானவை.

பிஓகியூ-ன்னா எஸ்டிமேட் தானே சார்? அது இன்ஜினியருங்க சமாச்சாரம், அக்கவுன்ட்ஸ்ல இருக்கறவங்களுக்கு எதுக்கு?

எஸ்டிமேட் என்பது எவ்வளவு ஆகும் என்ற கணிப்பு. பிஓகியூ, அதாவது பில் ஆஃப் குவான்டிட்டீஸ், ஒப்பந்தத்தோடு சேர்ந்த பட்டியல்: ஐட்டம் எண், வேலையின் விவரம், அலகு, அளவு, ரேட், தொகை. ஐட்டம் ரேட் ஒப்பந்தத்தில் ரேட் மட்டுமே உறுதி. அளவு உத்தேசம்தான், கடைசியில் அளந்து வருவதற்குத்தான் பணம்.

நம் விடுதியில் பிஓகியூ ஐட்டம் 14 உட்சுவர்ப் பூச்சு: 12 மி.மீ. கனம், 1:5 கலவை, 6,000 சதுர மீட்டர். கல்லூரி நமக்குத் தரும் ரேட் 410 ரூபாய், பொருளும் கூலியும் சேர்த்து. ஐட்டம் 15 வெளிச்சுவர்ப் பூச்சு, 2,000 சதுர மீட்டர். மேஸ்திரிக்கு நாம் கொடுத்த வொர்க் ஆர்டரில் இதே இரண்டு வேலைக்கும் கூலி மட்டும்: உட்சுவருக்கு 250, வெளிச்சுவருக்கு 350. மொத்த ஆர்டர் 22,00,000 ரூபாய்.

கணக்கு எழுதுபவர் இங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். மேஸ்திரியின் வொர்க் ஆர்டரிலும் அதே 14, 15 என்ற எண்களையே போடச் சொல்லுங்கள். பல இடங்களில் வொர்க் ஆர்டருக்கு 1, 2, 3 என்று தனியாக எண் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் மாதக் கடைசியில் ‘ஐட்டம் 14-க்கு கல்லூரியிடம் எவ்வளவு பில் போட்டோம், மேஸ்திரிக்கு எவ்வளவு கொடுத்தோம்’ என்று யாராலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. லெட்ஜரில் ‘லேபர் சார்ஜ்’ என்று ஒரே குவியலாகக் கிடக்கும் தொகையிலிருந்து எந்த ஐட்டத்தில் லாபம், எதில் நட்டம் என்று தெரியவே தெரியாது.

மேஸ்திரி சதுர அடியில பேசறார், பிஓகியூ சதுர மீட்டர்ல இருக்கு. பில்லை எதுல போடறது?

பிஓகியூ எந்த அலகோ அந்த அலகில்தான். 1 சதுர மீட்டர் 10.764 சதுர அடி. 250 ரூபாய் என்பது சதுர அடிக்கு ஏறக்குறைய 23 ரூபாய் 23 காசு. பேச்சில் அதை 23 என்றோ 23.50 என்றோ முடித்திருப்பார்கள். வொர்க் ஆர்டர் போடும் அன்றே அதைச் சதுர மீட்டருக்கு மாற்றி, மேஸ்திரியிடம் இரண்டு அலகிலும் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். முதல் பில் வந்தபிறகு பேசினால் காசு வித்தியாசமே பெரிய சண்டையாகும். 6,000 சதுர மீட்டரில் சதுர அடிக்கு 25 காசு என்றாலும் 16,000 ரூபாய் தாண்டும்.

ஒவ்வொரு ஆர்.ஏ. பில்லுலயும் முதல்ல இருந்து மொத்த அளவையும் ஏன் காட்டணும்? இந்த மாசம் செஞ்சதை மட்டும் போட்டா போதாதா?

போதாது. வேலை நடக்க நடக்கப் போடும் ரன்னிங் அக்கவுன்ட் பில்தான் ஆர்.ஏ. பில், அதன் உயிரே அதில்தான் இருக்கிறது. இதுவரை செய்த மொத்த அளவு, அதிலிருந்து போன பில் வரைக்கும் கொடுத்த அளவு கழித்தால் வருவது இந்த பில். மூன்று பத்தியும் பில்லில் இருக்க வேண்டும்.

நம் மேஸ்திரியின் முதல் பில்லில் உட்சுவர் 1,800 சதுர மீட்டர், தொகை 4,50,000. இரண்டாவது பில்லில் இதுவரை மொத்தம் உட்சுவர் 3,400, வெளிச்சுவர் 400. தொகை 8,50,000-உம் 1,40,000-உம் சேர்த்து 9,90,000. முந்தைய 4,50,000 போக இந்த பில் 5,40,000.

மூன்றாவது பில்லுக்கு அளவெடுக்கும்போது, இரண்டாவது மாடி வராந்தாவின் ஒரு பக்கச் சுவர், 60 சதுர மீட்டர், இரண்டாவது பில்லின் அளவுத்தாளில் இரண்டு முறை ஏறியிருப்பது தெரிகிறது. ஒரு தடவை ‘வராந்தா, வடக்குச் சுவர்’ என்றும், இன்னொரு தடவை ‘அறைகள் 201 முதல் 208, வெளிப்பக்கம்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே சுவர். மொத்த அளவுத்தாளில் ஒன்றை அடித்துவிட்டால் போதும். புதிதாகச் செய்தது 1,360. பழைய 3,400-இல் 60 குறைந்து, மொத்தம் 4,700. பில் தானாகவே சரியாகிவிடும், அதிகமாகப் போன 15,000 ரூபாயும் இதிலேயே திரும்பிவிடும். மாதாமாதம் தனித்தனி பில் போட்டிருந்தால் அந்தச் சுவர் இரண்டு முறை வந்தது கண்ணிலேயே பட்டிருக்காது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அளவுத்தாளில் ஒவ்வொரு வரியிலும் இடம் இருக்க வேண்டும்: எந்த மாடி, எந்த அறை, எந்தச் சுவர், நீளம், உயரம். ‘இரண்டாவது மாடி உட்பூச்சு, 800 சதுர மீட்டர், லம்ப்’ என்று ஒரே வரியாக வரும் தாளை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அதை யாரும் சரிபார்க்க முடியாது, மேஸ்திரியாலும்கூட. ஆர்.ஏ. பில் என்பது கணக்கின் மேல் கொடுக்கும் பணம். இறுதி பில்லில் எல்லா அளவும் மறுபடி திறக்கும். அன்றைக்கு இடம் எழுதிய தாள்தான் பேசும்.

பூச்சு அளவுல கதவு, ஜன்னலைக் கழிக்கணுமா வேண்டாமா? மேஸ்திரி கழிக்கவே கூடாதுங்கறார், இன்ஜினியர் ரெண்டு பக்கமும் கழிக்கறார்.

வொர்க் ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். ஒன்றும் எழுதவில்லை என்றால் இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 1200-இன் 12ஆம் பகுதியைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதன்படி அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவே இல்லை. அரைக்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரண்டு பக்கமும் ஒரே பூச்சு என்றால், ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். திறப்பின் ஓரங்களைப் பூசும் வேலை அதற்கு ஈடாகிவிடுகிறது. 3 சதுர மீட்டருக்கு மேல் போனால் இரண்டு பக்கமும் கழித்து, ஓரங்களைத் தனியாக அளந்து சேர்க்க வேண்டும்.

விடுதியில் ஒரு மீட்டருக்கு 2.1 மீட்டர் கதவுகள் 100 இருக்கின்றன. ஒன்று 2.1 சதுர மீட்டர், ஆக நடு வகை. ஒரு பக்கம் கழிப்பதற்கும் இரண்டு பக்கம் கழிப்பதற்கும் வித்தியாசம் 210 சதுர மீட்டர், 52,500 ரூபாய். கழிக்கவே கூடாது என்றால் அதே தொகை மறுபக்கம் போகும். இரண்டு பேரும் கேட்பது விதிக்கு வெளியேதான். கல்லூரி நமக்கு எந்த முறையில் அளக்கிறதோ அதே முறையை வொர்க் ஆர்டரிலும் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அந்த வித்தியாசத்தை நிறுவனம்தான் கையிலிருந்து கொடுக்கும்.

ஒரு பில்லை முழுசா போட்டுக் காட்டுங்களேன். எதை எதுல பிடிக்கணும்னு குழப்பமா இருக்கு.

இரண்டாவது பில்லையே எடுத்துக்கொள்வோம். வேலையின் மதிப்பு 5,40,000. இதுதான் பில். எந்தப் பிடித்தமும் இந்த எண்ணைத் தொடக்கூடாது. 18 சதவீதம் ஜிஎஸ்டி 97,200 சேர்ந்து மொத்தம் 6,37,200.

இப்போது பிடித்தங்கள். ரிடென்ஷன், அதாவது பின்னால் குறை வந்தால் ஈடாக இருக்க நாம் பிடித்து வைக்கும் பணம், வேலை மதிப்பின் மேல் 5 சதவீதம், 27,000. ஆரம்பத்தில் மேஸ்திரிக்கு 2,00,000 அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். ஒவ்வொரு பில்லிலும் 10 சதவீதம் பிடிப்பதாகப் பேச்சு, ஆக 54,000. டிடிஎஸ் 4,860. அது ஏன் 5,400 இல்லை என்பது அடுத்த கேள்வியில் வருகிறது.

அப்புறம் சிமென்ட். வொர்க் ஆர்டரில் உட்பூச்சுக்கு 10 சதுர மீட்டருக்கு ஒரு மூட்டை, வெளிப்பூச்சுக்கு 1.6 மூட்டை என்று சேதாரத்தோடு சேர்த்து ஒத்துக்கொண்டிருக்கிறோம். இந்த பில்லில் உட்சுவர் 1,600, வெளிச்சுவர் 400. அனுமதி 160-உம் 64-உமாக 224 மூட்டை. ஸ்டோரிலிருந்து கொடுத்தது 250, சைட்டில் மிச்சம் 10, ஆக செலவானது 240. கூடுதல் 16 மூட்டை, 375 ரூபாய் வீதம் 6,000. இதைப் பிடிப்பதற்கு முன் ஒரு வார்த்தை: செங்கல் சுவர் தூக்குநூலில் இல்லாமல் கோணலாக நின்றால் பூச்சு 12 மி.மீ.-க்குள் நிற்காது, 18, 20 என்று ஏறிவிடும். அது சுவர் கட்டியவரின் குறை. பூச்சு மேஸ்திரியின் பில்லில் அதைப் பிடிப்பது அநியாயம். கூடுதல் மூட்டை ஒரே மாடியில் குவிந்திருக்கிறதா என்று சைட்டில் கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

பதிவு இப்படி வரும்:

பற்று: சப் கான்ட்ராக்ட் செலவு, பூச்சு, ஐட்டம் 14, 15 — 5,40,000
பற்று: உள்ளீட்டு ஜிஎஸ்டி — 97,200
வரவு: மேஸ்திரி கணக்கு — 5,45,340
வரவு: ரிடென்ஷன், மேஸ்திரி பெயரில் — 27,000
வரவு: மேஸ்திரி அட்வான்ஸ் — 54,000
வரவு: டிடிஎஸ் செலுத்த வேண்டியது — 4,860
வரவு: சிமென்ட் செலவு, இதே சைட் — 6,000

இரண்டு பக்கமும் 6,37,200. மேஸ்திரி கைக்குப் போவது 5,45,340. கல்லூரிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியோடு ஒப்பந்த வேலை செய்வதால்தான் 97,200-ஐ உள்ளீட்டு வரவாக எடுக்கிறோம். உள்ளீட்டு வரவு இல்லாத 1 அல்லது 5 சதவீதத் திட்டத்தில் வீடு கட்டி விற்கும் நிறுவனமானால் அந்தத் தொகை செலவிலேயே சேரும்.

இதில் அடிக்கடி பார்க்கும் தவறு, பிடித்ததெல்லாம் போக 5,45,340-ஐ மட்டும் செலவு என்று எழுதுவது. அப்படி எழுதினால் அந்த மாதம் லாபம் கூடியது போலத் தெரியும். ரிடென்ஷன் திருப்பித் தரும் மாதத்தில், வேலையே நடக்காத சைட்டில் திடீரென்று செலவு முளைக்கும்.

ரிடென்ஷனைக் கையில கொடுக்கவே இல்லையே, அதுக்கும் டிடிஎஸ் பிடிக்கணுமா?

பிடிக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவு, கணக்கில் வரவு வைக்கும் நாளோ பணம் கொடுக்கும் நாளோ எது முந்தியதோ அன்றைக்குப் பிடிக்கச் சொல்கிறது. ‘சஸ்பென்ஸ்’ என்றோ வேறு என்ன பெயரிலோ வரவு வைத்தாலும் அது பெறுபவருக்கு வரவு வைத்ததாகவே கொள்ளப்படும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. அதனால் 27,000-க்கும் சேர்த்து இன்றைக்கே பிடித்தம். விகிதம் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் 1 சதவீதம், கூட்டு நிறுவனம், கம்பெனிகளுக்கு 2. ஜிஎஸ்டி பில்லில் தனியாகக் காட்டியிருந்தால் அதன் மேல் பிடிக்க வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டின் 23ஆம் எண் சுற்றறிக்கை அதைச் சொல்லிவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் இது 393ஆம் பிரிவில் வருகிறது.

சரி, 4,860 எப்படி? 2,00,000 அட்வான்ஸ் கொடுத்த அன்றே 2,000 பிடித்துக் கட்டிவிட்டோம், ஏனென்றால் அங்கே பணம் கொடுத்ததுதான் முந்தியது. இந்த பில்லில் கழியும் 54,000-க்கு வரி ஏற்கெனவே போயிருக்கிறது. 5,40,000-இல் அதைக் கழித்து 4,86,000-க்கு 1 சதவீதம். அட்வான்ஸுக்கும் பிடித்து, பில்லின் முழுத் தொகைக்கும் பிடித்தால் ஒரே வேலைக்கு இரண்டு முறை. மேஸ்திரிக்கு அது அவருடைய 26ஏஎஸ் வரி விவரத்தாளில் தெரியும்தான், ஆனால் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டு வாங்குவதற்குள் அவர் படும் பாடு பெரிது.

ரிடென்ஷனைத் திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி டிடிஎஸ் கிடையாது. பணம் கொடுக்கும் கிளார்க்குக்கு இது தெரியாமல் இரண்டாவது முறை பிடித்துவிடுவார். ரிடென்ஷன் லெட்ஜர் பெயரிலேயே ‘டிடிஎஸ் முடிந்தது’ என்று சேர்த்து எழுதி வைக்கச் சொல்வேன்.

ஜிஎஸ்டி முழுசா எடுத்தாச்சு, ஆனா ரிடென்ஷன் ஒரு வருஷம் நம்மகிட்டதான் இருக்கு. 180 நாள் விதி இதுக்கும் வருமா?

வரும். நிறைய நிறுவனங்கள் இங்கேதான் ஆடிட்டில் மாட்டுகின்றன. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 16(2) பிரிவு, விதி 37. இன்வாய்ஸ் தேதியிலிருந்து 180 நாளுக்குள் மதிப்பையும் வரியையும் சப்ளை செய்தவருக்குக் கொடுக்காவிட்டால், கொடுக்காத பகுதிக்கு உரிய உள்ளீட்டு வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

மேஸ்திரியின் இரண்டாவது பில் 2025 ஜூலை 10 தேதியிட்டது என்றால் 180ஆம் நாள் 2026 ஜனவரி 6. அன்றைக்கு நிற்பது ரிடென்ஷன் 27,000. அதற்குள் அடங்கிய வரி, 27,000-ஐ 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்கினால், 4,119 ரூபாய். இதைத் திருப்ப வேண்டும். ஒரு பில்லுக்குப் பார்த்தால் சின்னத் தொகை. ஆனால் 30 சப் கான்ட்ராக்டர்கள், ஆளுக்கு ஏழெட்டு பில் என்று ஆகும்போது அது லட்சங்களில் போய் நிற்கும். ரிடென்ஷன் பட்டியலில் இன்வாய்ஸ் தேதிக்குப் பக்கத்தில் 180ஆம் நாளுக்கென்று ஒரு பத்தி போட்டு, ஒவ்வொரு மாதமும் ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன் தாக்கலுக்கு முன் அதைப் பார்த்தால் போதும். அட்வான்ஸில் கழித்ததும் டிடிஎஸ் கட்டியதும் கொடுத்த பணமாகத்தான் கணக்கு. அவற்றைப் பாக்கியில் சேர்க்க வேண்டாம்.

கிளையன்ட் உட்சுவர்ல 3,100 சதுர மீட்டர் தான் சர்ட்டிஃபை பண்ணிருக்கார். நாம மேஸ்திரிக்கு 3,400-க்குக் கொடுத்துட்டோம். தப்பா?

தப்பாகவும் இருக்கலாம், சரியாகவும் இருக்கலாம். 300 சதுர மீட்டர் எங்கே என்று பதில் தெரிய வேண்டும். கல்லூரியின் ஆர்க்கிடெக்ட் 25ஆம் தேதி அளந்திருப்பார், மேஸ்திரி பில் மாதக் கடைசி வரை. அந்த ஐந்தாறு நாள் வேலை என்றால் பிரச்சினை இல்லை, நம் அடுத்த பில்லில் வந்துவிடும். ஆர்க்கிடெக்ட் ஏதோ ஒரு சுவரைத் தரமில்லை என்று நிறுத்தி வைத்திருந்தால், மேஸ்திரிக்கும் அந்த அளவை நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால் இரட்டை அளவு. நம் வராந்தாச் சுவரின் 60 சதுர மீட்டர் இந்த 300-க்குள்தான் ஒளிந்திருந்தது.

வித்தியாசம் இருப்பதில் ஆபத்து இல்லை. மாதாமாதம் அது வளர்ந்தால்தான் ஆபத்து. 300, 340, 520 என்று போனால் பில்லிங் இன்ஜினியரை உட்காரவைத்து மாடி மாடியாகப் பாருங்கள்.

மார்ச் 31-க்கு மேஸ்திரி பில் வரலை. வேலை மட்டும் நடந்திருக்கு. என்ன பண்றது?

அளந்து, ஒதுக்கீடு போடுங்கள். கல்லூரியிடம் அந்த வேலைக்கு வருமானம் எடுத்துவிட்டு, மேஸ்திரி பில் வரவில்லை என்று செலவை விட்டால் லாபம் பொய்யாக ஏறும். ஆளும் தெரிகிறது, தொகையும் தெரிகிறது என்பதால் அந்த ஒதுக்கீட்டுக்கும் டிடிஎஸ் உண்டு. மார்ச் மாதத்துக்குக் கட்ட ஏப்ரல் 30 வரை நேரம் இருக்கிறது. ஜிஎஸ்டி வரவு மட்டும் இன்வாய்ஸ் வந்த பிறகுதான். ஏப்ரலில் உண்மையான பில் வரும்போது ஒதுக்கீட்டைத் திருப்பிவிட்டு, ஏற்கெனவே பிடித்த வரியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ரிடென்ஷனை எப்போ, எவ்வளவு விடணும்? பழுது பார்த்த செலவைப் பிடிக்கலாமா?

வழக்கமான ஏற்பாடு, வேலை முடிந்து ஒப்படைத்ததும் பாதி, குறை பொறுப்புக் காலம் முடிந்ததும் மீதி. நம் வொர்க் ஆர்டரில் அந்தக் காலம் 12 மாதம்.

இறுதி பில் வரை மேஸ்திரி செய்த வேலை 21,60,000 என்று வைப்போம். சேர்ந்திருக்கும் ரிடென்ஷன் 1,08,000. ஒப்படைத்ததும் 54,000 போய்விட்டது. எட்டாவது மாதத்தில் மூன்றாவது மாடியில் ஒரு சுவரில் தட்டினால் பொள்ளல் சத்தம் வருகிறது. பூச்சு செங்கலிலிருந்து விட்டுவிட்டது. முதலில் மேஸ்திரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: எந்த அறை, எந்தச் சுவர், எத்தனை நாளுக்குள் வந்து சரிசெய்ய வேண்டும், கூடவே போட்டோ. அவர் வந்து செய்துவிட்டால் பிடிக்க ஒன்றுமில்லை. வரவில்லை என்றால் வேறு ஆள் வைத்துச் செய்து, அந்த பில்லின் நகலோடு டெபிட் நோட். செலவு 9,000 என்றால் 12ஆம் மாத முடிவில்:

பற்று: ரிடென்ஷன், மேஸ்திரி — 54,000
வரவு: பழுதுபார்ப்புச் செலவு, இதே சைட் — 9,000
வரவு: வங்கி — 45,000

கதவு மாட்டும்போது தச்சர் உடைத்த ஓரமும், குழாய் போட வந்தவர் வெட்டிய பள்ளமும் பூச்சு மேஸ்திரியின் குறை ஆகாது. அதை அவர் ரிடென்ஷனில் பிடிக்கும் சைட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் ஒப்படைப்புத் தேதியோடு சுவர் நல்ல நிலையில் இருந்ததற்கான கையெழுத்துத் தாள் இருந்தால் இந்தப் பேச்சே வராது. அந்தத் தாளை நிறுவனமே வாங்கி வைப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

கல்லூரி நம்ம ரிடென்ஷனை இன்னும் விடலை. அதுவரைக்கும் மேஸ்திரியோடதை நிறுத்தி வைக்கலாமா?

வொர்க் ஆர்டரில் ‘கிளையன்ட் விடுவித்த பிறகே’ என்று தெளிவாக எழுதி அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் அந்தப் பேச்சு. எழுதாமல் நிறுத்தினால் அது தவணை கடந்த கடன். எழுதியிருந்தாலும் பூச்சு மேஸ்திரிக்கு அப்படி ஒரு ஷரத்தைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருடைய சுவர் ஒரு வருடம் விரிசல் இல்லாமல் நின்றுவிட்டது. லிஃப்ட் வேலையில் கல்லூரியோடு நமக்கு இருக்கும் தகராறுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. அவருடைய 54,000 அடுத்த சைட்டில் ஆள் இறக்க அவர் வைத்திருக்கும் முதல்.

கணக்கில் இரண்டையும் கழித்து எழுதாதீர்கள். கல்லூரியிடம் வர வேண்டிய ரிடென்ஷன் சொத்துப் பக்கம், மேஸ்திரிகளுக்குத் தர வேண்டியது பொறுப்புப் பக்கம், தனித்தனியாக. நம் வருமானத்திலும் அந்த வர வேண்டிய ரிடென்ஷன் அடங்கும். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43சிபி பிரிவு ஒப்பந்த வருவாயில் ரிடென்ஷனைச் சேர்க்கச் சொல்கிறது. கைக்கு வராத பணத்துக்கும் வரி கட்ட வேண்டும் என்பதால், ரொக்கத் திட்டம் போடும்போது இதைத் தனி வரியாக வையுங்கள்.

ரிடென்ஷன் லெட்ஜர்ல அஞ்சாறு வருஷமா கிடக்கற பாக்கி இருக்கு. யாரும் கேட்கலை. வருமானமா எழுதிடலாமா?

யாரும் கேட்கவில்லை என்பது காரணம் ஆகாது. முதலில் ஒவ்வொரு தொகையும் யாருடையது, எந்த வொர்க் ஆர்டர், எப்போது தவணை என்று பிரியுங்கள். ‘ரிடென்ஷன், பலவகை’ என்று ஒரே லெட்ஜராக வைத்திருந்தால் இந்த வேலைக்கே ஒரு மாதம் ஆகும். பிரித்தபின் சிலவற்றில் டெபிட் நோட் போடாமல் விட்டது தெரியும், சிலவற்றில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வவுச்சரை மேஸ்திரி கணக்கில் பற்று எழுதியது தெரியும். அவை திருத்தம், வருமானம் இல்லை.

மீதி நிற்பது உண்மையான கடன். காலவரம்புச் சட்டப்படி 3 ஆண்டுக்குப் பிறகு வழக்குப் போட முடியாமல் போகலாம், கடன் அதனால் மறையாது. நிறுவனம் ஒருதலையாக வருமானத்துக்கு எழுதினால் அதே 1961 வருமான வரிச் சட்டத்தின் 41(1) பிரிவின்படி அந்த ஆண்டில் வரியும் உண்டு. அதற்கு முன் கடைசியாக இருக்கும் முகவரிக்கும் போன் எண்ணுக்கும் பாக்கி விவரத்தோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். பெரும்பாலும் போன் எண் மாறியிருக்கும். அப்போது அவரோடு வேலை செய்த வேறு மேஸ்திரியிடமோ பழைய சைட் இன்ஜினியரிடமோ கேட்டால் ஆள் கிடைத்துவிடுவார். கிடைத்தால் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்து வாங்கி, வங்கி வழியாக அனுப்பிவிட்டு அந்த வரியை மூடிவிடலாம்.